க்ளோசபின் வரியின் கடைசிக் கட்டம்

மனநல மருத்துவமனையின் ஆண்கள் வார்டில் அவளுக்குக் கட்டம் சிஸ்டர் என்று பெயர். எதைக் கொடுத்தாலும் ஸ்கேலை எடுத்துக் கோடு போட்டுக் கட்டம் கட்டிவிடுவாள். யாருக்கு எத்தனை மணிக்கு மாத்திரை, யார் குளித்தார்கள், யாருக்கு எந்த நாளில் ரத்தம் எடுக்க வேண்டும், எல்லாம் கட்டத்துக்குள் வந்துவிடும். வார்டு உதவியாளர்கள் முதுகுக்குப் பின்னால் சிரித்தாலும், ஏதாவது தவறிப்போனால் அவள் தாளைத்தான் தேடி ஓடுவார்கள்.

வயது முப்பத்தொன்பது. பன்னிரண்டு வருடம் அறுவை சிகிச்சை வார்டில் வேலை பார்த்தவள், தானாகக் கேட்டு இந்த மருத்துவமனைக்கு மாற்றல் வாங்கி வந்தாள். வேலை செய்தவர்கள் எல்லாரும் இங்கிருந்து தப்பிக்க மனு எழுதிக்கொண்டிருந்தபோது, உள்ளே வர மனு எழுதிய ஒரே ஆள் அவள். காரணம் கேட்டவர்களிடம் பேருந்து வசதி என்றாள். உண்மையான காரணம் வீட்டில் இருந்தது. அவளுடைய தம்பி.

தம்பி கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தவன். லென்சை ஃபிரேமுக்குத் தகுந்தபடி தேய்த்துப் பொருத்துவதில் கெட்டிக்காரன். இருபத்து மூன்றாவது வயதில், தேய்க்கிற இயந்திரத்தின் சத்தத்துக்குள்ளிருந்து யாரோ தன்னைத் திட்டுவதாகச் சொன்னான். பிறகு இயந்திரம் நின்ற பிறகும் திட்டு நிற்கவில்லை. அன்றிலிருந்து அந்த வீட்டில் மருந்துகள் ஒவ்வொன்றாக வந்து போயின.

முதலில் ஹாலோபெரிடால். மூன்றாம் நாள் காலையில் அவன் கழுத்து ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டது. கண்கள் கூரையைப் பார்த்தபடி நிலைகுத்தி நின்றன, நாக்கு தடித்து வெளியே வந்தது. அம்மா அலறிவிட்டாள். அப்போது அறுவை வார்டில் இருந்த இவளுக்கு அது வலிப்பு என்றுதான் தோன்றியது. ஆஸ்பத்திரியில் ஒரே ஒரு ஊசி போட்டார்கள். பத்து இருபது நிமிடத்தில் கழுத்து நேராகிவிட்டது. "மருந்தோட பக்க விளைவும்மா. நர்ஸ்தானே நீங்க, தெரியாதா?" என்று கேட்டார் அந்த டாக்டர். அந்தக் கேள்வி முள்ளாகத் தைத்து நின்றுவிட்டது.

அடுத்தது ரிஸ்பெரிடோன். அதில் மார்பில் பால் கசிந்தது. ஆண்பிள்ளை, யாரிடம் சொல்லுவான்? ஆறு மாதம் சட்டைக்குள் கைக்குட்டையை மடித்து வைத்துக்கொண்டு திரிந்தான். துணி துவைக்கும்போது அம்மாதான் கண்டுபிடித்தாள். அதன்பின் ஒலான்சபின். குரல்கள் பாதி அடங்கின. ஆனால் பதினாறு கிலோ ஏறி, சர்க்கரையும் எட்டிப்பார்த்தது. மூன்றும் தோற்ற பிறகு மனநல மருத்துவமனையின் பெரிய டாக்டர் க்ளோசபின் என்றார். பதினெட்டு வாரம் வாராவாரம் ரத்தம், பிறகு வருடம் முடியும்வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அப்புறம் மாதம் ஒருமுறை. வெள்ளை அணுக்கள் குறைந்துவிட்டால் சாதாரணத் தொண்டைவலி கூட ஆளைக் கொன்றுவிடும் என்பதால் அந்தக் கெடுபிடி.

க்ளோசபினில்தான் அவன் திரும்பி வந்தான். ஒன்றரை வருடத்தில் கண்ணாடிக் கடைக்காரர் அவனை மறுபடி கூப்பிட்டுப் பட்டறையில் உட்கார வைத்தார். இயந்திரம் வெறும் இயந்திரமாகச் சத்தம் போட்டது. ஒரே ஒரு தொல்லை, எச்சில். தலையணை காலையில் பிழியலாம் போல் நனைந்திருக்கும். லென்சைக் குனிந்து பார்க்கும்போது வாயோரம் நூலாக வழியும்.

"அக்கா, எச்சில் மட்டும் நின்னா போதும். வேற எதுவும் நான் கேக்கல" என்றான் ஒரு நாள்.

அடுத்த முறை போனபோது அவளே பெரிய டாக்டரிடம் பேசி, எச்சிலைக் காயவைக்கிற ஹையோசின் மாத்திரையை எழுதி வாங்கினாள். "இது குடலையும் மந்தப்படுத்தும். ஏற்கெனவே க்ளோசபின் அதைத்தான் பண்ணுது. மலம் ஒழுங்கா போகுதான்னு கேட்டுக்கிட்டே இருங்க" என்றார் அவர். அவள் தலையாட்டினாள். அவள் வார்டில் அவளே எத்தனை குடும்பத்தாருக்கு இதைச் சொல்லி, எத்தனை தலைகள் ஆடுவதைப் பார்த்திருக்கிறாள்!

மனநல செவிலியர் சிறப்புத் தேர்வை அவள் இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் கோட்டை விட்டிருந்தாள். இரண்டிலும் காலை வாரியது மருந்துத் தாள். மூன்றாம் முறைக்கு, பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கத்தை ஒட்டி ஒரு பெரிய அட்டவணை போட்டு, சமையலறைச் சுவரில் மாட்டினாள். மருந்து, வரக்கூடிய தொல்லை, செவிலியர் பார்க்க வேண்டியது, உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டியது என்று நான்கு தலைப்பு. ஹாலோபெரிடாலுக்கு நேரே தசைப் பிடிப்பு, கை நடுக்கம், ஓரிடத்தில் இருக்க முடியாத தவிப்பு, வருடக்கணக்கில் சாப்பிட்டால் தானாக அசையும் வாயும் நாக்கும். ரிஸ்பெரிடோனுக்கு மாதவிடாய் நிற்றல், பால் கசிவு, எழுந்தால் தலைசுற்றல். படுத்தும் நின்றும் பிபி பார்க்க. ஒலான்சபினுக்கு எடை, இடுப்பளவு, சர்க்கரை, கொழுப்பு. எல்லா மருந்துக்கும் பொதுவாக, சிவப்பு மையில் ஒரு பெட்டி: காய்ச்சல், உடல் விறைப்பு, வியர்வை, குழப்பம், ஏறி இறங்கும் பிபி சேர்ந்து வந்தால் மருந்தை நிறுத்து, டாக்டரைக் கூப்பிடு, ஒரு நிமிடமும் தாமதிக்காதே.

தம்பி அதன் முன்னால் நின்று படித்துவிட்டுச் சிரித்தான். "என் வாழ்க்கை வரலாற்றயே எழுதிட்டியே அக்கா."

தேர்வு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு. அந்த வாரம் அவள் வேலை முடிந்து வந்ததும் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவாள். செவ்வாய்க்கிழமை அம்மா வந்து, "அவனுக்கு வயித்தால போகுது, நீர்நீரா" என்றாள். "வெளியில எதையாவது தின்னிருப்பான். தண்ணி நிறைய குடுங்க" என்று தலையைத் திருப்பாமல் சொன்னாள். மலம் இளகத் தினமும் கொடுக்கிற மருந்தை அம்மா நிறுத்திவிட்டாள், அதுதானே நியாயம் என்று நினைத்து. புதன்கிழமை அம்மாவே மருந்துக் கடையில் பேதியை நிறுத்தும் மாத்திரை வாங்கிக் கொடுத்தாள். வியாழக்கிழமை அவன் வேலைக்குப் போகவில்லை. வெள்ளிக்கிழமை சாப்பிடவில்லை. ஒவ்வொன்றும் அவள் காதில் விழுந்தது. காதில் மட்டும்.

சனிக்கிழமை காலை ஆறரை மணி. வார்டில் அவளுக்குக் கீழ் வேலை பார்க்கும் சின்ன சிஸ்டரும் அதே தேர்வை எழுதுகிறாள். இருவரும் போனில் ஒருவரை ஒருவர் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"க்ளோசபின், கண்காணிப்பு. சொல்லுங்கக்கா."

"வெள்ளை அணு, அதுலயும் நியூட்ரோஃபில். காய்ச்சல், தொண்டைவலி வந்தா அன்னிக்கே ரத்தம். ஆரம்பத்துல நாடித்துடிப்பு, பிபி, நெஞ்சுவலி, மூச்சு வாங்குதா, இதயத் தசை வீக்கத்துக்காக. எடை, சர்க்கரை. வலிப்பு. சிகரெட்ட திடீர்னு விட்டா ரத்தத்துல மருந்தளவு ஏறும். எச்சில்."

"கடைசி ஒண்ண விட்டுட்டீங்க."

"மலச்சிக்கல். குடல் ஸ்தம்பிச்சுப் போகலாம். தினமும் கேக்கணும், வயித்தத் தொட்டுப் பாக்கணும்."

"பேதியாப் போனா பிரச்சனை இல்லைதானே?"

"இல்ல இல்ல. அங்கதான் எல்லாரும் ஏமாறுவாங்க. உள்ள கெட்டியா அடைச்சுக்கிட்டு, அதச் சுத்தி வெறும் தண்ணி மட்டும் வழிஞ்சு வரும். பேதின்னு நெனச்சு நிறுத்துற மாத்திரை குடுத்துட்டா..."

கண் சுவரில் இருந்தது. க்ளோசபின் வரியின் கடைசிக் கட்டத்தில், அவள் கையெழுத்தில், நீல மையில் இருந்தது: "நீர்நீராகப் போவதும் அடைப்பின் அடையாளமாக இருக்கலாம்."

"அக்கா? லைன்ல இருக்கீங்களா?"

போன் அடுப்பு மேடையில் கிடந்தது. அவள் தம்பியின் அறையில் இருந்தாள்.

அவன் சுவரைப் பார்த்துச் சுருண்டு படுத்திருந்தான். சட்டையைத் தூக்கினாள். வயிறு மத்தளம் போல் விறைத்து நின்றது. விரலால் தட்டினாள்; வெற்றுத் தகரம் போல் சத்தம் வந்தது. நாடி நூற்று முப்பது. உதடு வெடித்திருந்தது.

"எப்பருந்துடா இப்படி?"

"தெரியலக்கா. உனக்குப் பரீட்சைன்னு..." சொல்லி முடிக்கும்முன் வாந்தி எடுத்தான். பழுப்பு நிறத்தில், மல நாற்றத்தோடு இருந்தது. அந்த நாற்றத்தை அறுவை வார்டில் பன்னிரண்டு வருடம் இருந்தவள் மறக்க முடியாது. ஓடிப்போய் ஆட்டோ பிடித்து வந்தாள்.

பொது மருத்துவமனையின் அவசரப் பிரிவில் இருந்த டாக்டருக்கு இரண்டு கைக்கு இருபது நோயாளிகள். மருந்துச் சீட்டைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். அவன் எதுவும் சொல்லாமல் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சைக்கியாட்ரி கேஸா? நாலு நாளா பேதி, வாந்தி. வயித்துத் தொற்றுதான். டிரிப் ஏத்திட்டு அனுப்பிடலாம்."

"டாக்டர், இது பேதி இல்ல. க்ளோசபின் சாப்பிடறான், ஹையோசினும் சேர்த்து. பேதி நிக்கற மாத்திரையும் உள்ள போயிருக்கு. வயிறு உப்பியிருக்கு, காத்து கூடப் பிரியல. ஒரு எக்ஸ்ரே எடுங்க."

"வலிக்குதுன்னு அவரு சொல்லலையே."

"அவன் சொல்ல மாட்டான். இந்த நோய்ல வலியச் சொல்ற விதமே மாறிப்போகும். நீங்க வயித்துல கைய வச்சுப் பாருங்க."

"மேடம், வரிசைல எத்தனை பேர் நிக்கறாங்க பாருங்க."

அவள் நகரவில்லை. வாழ்க்கையில் ஒரு டாக்டரை எதிர்த்து அவள் குரலை உயர்த்தியதில்லை. அன்று உயர்த்தினாள். "நானும் நர்ஸ்தான். என் வார்டுல ஒருத்தருக்கு இப்படி இருந்து நான் பேசாம இருந்தா என் வேலை போகும். இவன் என் தம்பி. உயிர் போகும். எக்ஸ்ரே எழுதுங்க, நான் தூக்கிட்டுப் போறேன்." வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். டாக்டர் அவளை ஒரு கணம் பார்த்துவிட்டு எழுந்து வந்து வயிற்றில் கை வைத்தார். ஸ்டெதாஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டார். குடல் அசையும் சத்தம் துளியும் இல்லை. அவர் முகம் மாறியது.

எக்ஸ்ரேயில் பெருங்குடல் முழங்கை பருமனுக்கு ஊதிக் கிடந்தது. அறுவை நிபுணரைக் கூப்பிட்டார்கள். மூக்கு வழியாகக் குழாய் போட்டு, கையெழுத்து வாங்கி, அவனை உள்ளே தள்ளிக்கொண்டு போனபோது சுவர்க் கடிகாரத்தில் மணி பத்து. தேர்வு மண்டபத்தில் வினாத்தாள் கொடுத்திருப்பார்கள். அது நினைவுக்கு வந்தபோது அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை.

வெளியே இரும்பு நாற்காலியில் அம்மா உட்கார்ந்திருந்தாள். புடவைத் தலைப்பை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள்.

"நான் குடுத்த மாத்திரையாலதானே?"

அவள் அறுவை அறையின் கதவைப் பார்த்தாள்.

"சொல்லுடி. படிச்சவதானே நீ. நான் குடுத்த மாத்திரையாலதானே என் பிள்ளைக்கு இப்படி?"

"நீங்க டாக்டர் இல்லம்மா. நர்சும் இல்ல" என்றாள். "என்கிட்ட சொன்னீங்க. செவ்வாக்கிழமையே சொன்னீங்க. வார்டுல முப்பத்திரண்டு பேர்கிட்ட தினமும் காலையில நான் கேக்கற முதல் கேள்வி, மலம் போச்சாங்கறதுதான். வீட்டுல இருக்கிற ஒருத்தன்கிட்ட கேக்கல. கூச்சமா இருந்தது. எச்சில் மாத்திரையும் நான் கேட்டு வாங்கினதுதான். அப்புறம் ஒரு நாள் கூடக் கேக்கலம்மா."

அம்மா அவளைக் கட்டிக்கொள்ளவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள். இருவருக்கும் நடுவில் ஒரு நாற்காலி காலியாகக் கிடந்தது. மூன்றரை மணி நேரம் அப்படியே இருந்தார்கள்.

நிபுணர் வெளியே வந்து, பெருங்குடலில் ஒரு பகுதி கறுத்துச் செத்துப்போயிருந்ததாகச் சொன்னார். அதை வெட்டி எடுத்து, வயிற்றில் ஒரு துளை போட்டு, மலம் வந்து சேர வெளியே பை வைத்திருக்கிறார்கள். "இன்னும் அரை நாள் தள்ளியிருந்தா வெடிச்சிருக்கும். இப்பவும் உறுதி சொல்ல மாட்டேன். மூணு நாள் போகட்டும்."

மூன்று நாள் போனது. நான்காம் நாள் மூச்சுக்காகப் போட்டிருந்த குழாயை எடுத்தார்கள். கண் திறந்தவன் முதலில் பையைத்தான் பார்த்தான்.

"இனிமே நீ கூச்சப்பட வேணாம் அக்கா. கேக்காமலே தெரிஞ்சுக்கலாம்."

அவள் சிரிக்கப் பார்த்தாள். அழுகைதான் வந்தது.

உயிர் பிழைத்ததோடு கதை முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். க்ளோசபினை அன்றே நிறுத்திவிட்டார்கள். இரண்டு நாளுக்கு மேல் விட்டுப்போனால் பழைய அளவில் திரும்பத் தொடங்க முடியாது. இதயமும் பிபியும் தாங்காது. இந்தக் குடலுக்கு அதைக் கொடுக்கவே கூடாது என்றது அறுவைப் பிரிவு. ஒரு வாரம் முடியும் முன்பே குரல்கள் திரும்பிவிட்டன. இத்தனை நாள் காத்திருந்தவை போல வட்டியும் முதலுமாக வந்தன. பையில் வருவது தன்னுடையதல்ல, யாரோ உள்ளே வைத்தது என்றான். சாப்பாட்டைத் தொட மறுத்தான். இரண்டு முறை பையைப் பிய்த்து எறிந்தான்.

ஹாலோபெரிடால் ஊசி போட்டார்கள். இரண்டு நாள் அடங்கினான். மூன்றாம் நாள் அவள் வேலை முடித்து வந்தபோது கட்டிலில் உட்கார முடியாமல் எழுவதும், இரண்டடி நடப்பதும், திரும்ப உட்காருவதுமாக இருந்தான். நின்றபடியே கால் மாற்றிக் கால் மிதித்தான். தையல் இழுத்து முகம் கோணியது, ஆனாலும் கால் நிற்கவில்லை.

"வெறி கூடிருச்சு. டோஸ ஏத்தச் சொல்லிருக்காங்க" என்றாள் அந்த வார்டு நர்ஸ், ஊசியில் மருந்தை இழுத்தபடி.

"கொஞ்சம் பொறும்மா." அவள் தம்பியின் முகத்துக்கு நேரே குனிந்தாள். "டேய், குரல் சொல்லுதா நடக்கச் சொல்லி? இல்ல கால் சொல்லுதா?"

"கால்தான் அக்கா. உள்ள எறும்பு ஊருது. உக்காந்தா செத்துருவேன் போல இருக்கு. ஜன்னல் எந்தப் பக்கம்?"

அந்தக் கடைசிக் கேள்வியின் பொருள் அவளுக்குத் தெரியும். இந்தத் தவிப்பு தாங்காமல் உயிரை விட்டவர்கள் உண்டு. வார்டு நர்சின் கையைப் பிடித்துக்கொண்டாள். "இது நோய் இல்ல, மருந்து. இன்னும் ஏத்தினா இன்னும் கூடும். டாக்டர் வர்றவரைக்கும் போடாதம்மா, உன் கால்ல வேணா விழறேன்." அந்தப் பெண் ஊசியைத் தட்டில் வைத்தாள். பெரிய டாக்டரைப் போனில் பிடித்தார்கள். அளவைக் குறைத்து, அந்தத் தவிப்பை அடக்கும் ப்ரோப்ரனலால் எழுதினார். அதுவரை ஜன்னலுக்கும் அவனுக்கும் நடுவில் அவள் நின்றாள். கால்கள் அடங்க இரண்டு நாள் ஆனது. குரல்கள் அடங்கவில்லை.

ஐந்தாவது வாரம் பெரிய டாக்டர் மூவரையும் உட்கார வைத்துப் பேசினார். மற்ற மருந்துகள் எதுவும் இவனிடம் நிற்கவில்லை. அறுவைப் பிரிவிடம் பேசியாகிவிட்டது. ஹையோசின் இல்லாமல், மலமிளக்கி தினமும், பையில் வருவதை அளந்து எழுதிக்கொண்டு, க்ளோசபினை அரை மாத்திரையிலிருந்து திரும்பத் தொடங்கிப் பார்க்கலாம். ஆபத்து இல்லை என்று சொல்ல மாட்டேன் என்றார்.

"அந்தப் பேரையே எடுக்காதீங்க" என்றாள் அம்மா. "குடலத் தின்ன மருந்து."

அவளால் இரண்டு பக்கமும் பேச முடியவில்லை. இத்தனை வருடம் மற்றவர்கள் வீட்டு அம்மாக்களிடம் எளிதாகச் சொன்ன வார்த்தைகள் தன் அம்மாவிடம் உதவவில்லை.

தம்பி காதில் கேட்ட யாருக்கோ தலையாட்டி மறுத்தான். பிறகு, "அந்த மாத்திரையே குடுங்க" என்றான். "இவனுங்க சத்தத்துல எனக்கு அம்மா பேசறது கூடக் கேக்கல. அதுல செத்தா கூட, சத்தம் இல்லாம சாவேன்."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அவன்தான் கையெழுத்துப் போட்டான். எழுத்து தெளிவாக இருந்தது.

பன்னிரண்டரை மில்லிகிராம். முதல் நாள் மணிக்கு ஒரு முறை பிபி, நாடி, காய்ச்சல். நின்றபோது பிபி சரிந்து தலை சுற்றியது; படுக்க வைத்தார்கள். அதன்பின் அளவை ஏற்றியதும் எறும்பு நடையில்தான். வீட்டுக்கு வந்த பிறகு அம்மா தினமும் காலையில் பையின் அளவைத் தாளில் எழுதி அவளிடம் நீட்டுவாள். அதைத் தவிர வேறு அதிகம் பேசுவதில்லை. மாத்திரை கொடுக்கும்போது மட்டும் அம்மா அந்த அறையில் இருக்க மாட்டாள்.

தேர்வை அவள் இன்னும் எழுதவில்லை. சின்ன சிஸ்டர் எழுதித் தேறிவிட்டாள். இனிப்புப் பெட்டியை நீட்டும்போது தேறியவள்தான் தலை குனிந்தாள்.

பதினெட்டு வாரம் வாராவாரம் ரத்தம் என்பது மறுபடி முதலிலிருந்து ஆரம்பமானது. புதன்கிழமை காலையில் எடுப்பார்கள், மாலை நான்கு மணிக்கு முடிவு வரும். அதுவரை வீட்டில் யாரும் யாருடனும் பேச மாட்டார்கள். ஏழாவது புதன்கிழமை எண்ணிக்கை முந்தைய வாரத்தைவிடக் கொஞ்சம் இறங்கியிருந்தது. எல்லைக்குள்தான், பயப்பட வேண்டாம் என்றார்கள். அவள் போனை வைத்துவிட்டுத் தம்பியின் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். சூடு இல்லை. தொண்டை வலிக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றான்.

"சத்தம்?"

"பக்கத்து வீட்டுல ரேடியோ போடற மாதிரி. வார்த்தை புரியல."

இன்னும் பதினொரு புதன்கிழமைகள் இருந்தன.